எம்.டி.க்கு நேராக வாட்ஸ்அப் அனுப்பணும், கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க

காவேரிப்பட்டணம் செல்வா · புதன், காலை 9:10

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் கம்பெனியில் ஸ்டோர்ஸும் பேக்கிங்கும் பார்க்கிறேன். சீசன் உச்சத்தில் இருக்கிறது. பெங்களூரா மாங்காய் வரத்து அதிகம், கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசைகட்டி நிற்கின்றன. எங்கள் குரூப் எம்.டி. இருப்பது சென்னையில். போன மாதம் யூனிட்டுக்கு வந்தபோது, "சீசன்ல ஏதாவது நிக்கிற மாதிரி இருந்தா எனக்கே வாட்ஸ்அப் பண்ணுங்க" என்று சொல்லி என்னிடம் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார். இப்போது அப்படி ஒரு நிலைமை வந்துவிட்டது.

தினம் 120 டன் பழம் அரைக்கிறோம், ஏறக்குறைய 300 டிரம் நிரம்புகிறது. இன்று காலை காலி டிரம் இருப்பு 1,100. வழக்கமான கம்பெனியின் அடுத்த லோடு செவ்வாய் காலைதான் வருமாம். ஓசூரில் இன்னொருவர் 700 டிரம் வெள்ளி இரவுக்குள் தருகிறேன் என்கிறார், டிரம்முக்கு 150 ரூபாய் கூட. நாளை மதியத்துக்குள் ஆர்டர் போட்டால்தான் தருவாராம். புது சப்ளையர் என்றால் எம்.டி. ஒப்புதல் வேண்டும். யூனிட் ஹெட்டிடம் சொன்னேன், "உன்கிட்டதானே நம்பர் குடுத்தாரு, நீயே அனுப்பு" என்றுவிட்டார்.

எழுதி வைத்திருப்பது இது. ஆபீசுக்கு ஆங்கிலத்தில்தான் போகும், இங்கே தமிழில் போடுகிறேன்.

> மதிப்பிற்குரிய ஐயா, காலை வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் பொன்னான நேரத்தை எடுத்துக்கொள்வதற்கு முதற்கண் மன்னிக்கவும். நான் கிருஷ்ணகிரி யூனிட்டில் ஸ்டோர்ஸ் மற்றும் பேக்கிங் பிரிவில் பணிபுரிந்து வருகிறேன். கடந்த மாதம் தாங்கள் வருகை தந்தபோது ஏதேனும் பிரச்சினை என்றால் நேரடியாகத் தெரிவிக்கும்படி கூறியிருந்தீர்கள். அதன் அடிப்படையில் இதைத் தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். இந்த சீசனில் பழ வரத்து எதிர்பார்த்ததைவிட அதிகமாக உள்ளது. வழக்கமான டிரம் சப்ளையர் பலமுறை தொடர்புகொண்டும் சரியான பதில் தரவில்லை. இதனால் வரும் நாட்களில் உற்பத்தி பாதிக்கப்படும் சூழ்நிலை உள்ளது. ஓசூரில் ஒரு சப்ளையரிடம் பேசியுள்ளோம். விலை சற்றுக் கூடுதல். இதுகுறித்துத் தங்கள் மேலான ஆலோசனையை வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

மரியாதைக்குக் குறைவில்லாமல் இருக்கிறதா? நீளம் பரவாயில்லையா?

---

பாலக்கோடு மாமா · 9:32

தம்பி, அனுப்புநர், பெறுநர் இல்லாமல் எழுதினால் எப்படி? இடது பக்கம் உங்கள் முழு முகவரி. கீழே பெறுநர், "உயர்திரு" என்று தொடங்கணும். அப்புறம் பொருள், பார்வை. கடைசியில் இடம், நாள், "இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள". நான் திங்கள்கிழமை குறைதீர் நாளுக்கு எத்தனையோ மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஃபார்மட் இல்லாத மனுவை மேஜையிலேயே வாங்க மாட்டார்கள். நகல் ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மனு எண் போட்டுத் தருவார்கள்.

---

ஓசூர் நித்யா · 9:40

மாமா, அவர் கலெக்டருக்கு மனு எழுதவில்லை, கம்பெனி எம்.டி.க்கு வாட்ஸ்அப் அனுப்புகிறார் 😄

செல்வா அண்ணா, மூன்றே வரி, அதற்கு மேல் வேண்டாம். வணக்கம், சார், நலமா எல்லாவற்றையும் தூக்குங்கள். எங்கள் கம்பெனியில் வைஸ் பிரசிடெண்டையே பேர் சொல்லித்தான் கூப்பிடணும், ஹெச்.ஆரே சொல்லியிருக்கிறார்கள். "700 டிரம் வேணும், 150 ரூபாய் கூட, ஓகேவா?" முடிந்தது கதை.

---

பர்கூர் பாலு · 9:51

நித்யா, உங்கள் கம்பெனி வேறு, மாங்கூழ் கம்பெனி வேறு. இங்கே முதலாளியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் மறுநாள் கேட்டிலேயே நிற்கவேண்டியதுதான்.

எனக்கு இதில் வேறொன்று உறுத்துகிறது. யூனிட் ஹெட் ஏன் தானே அனுப்பவில்லை? எம்.டி. கோபப்பட்டால் "அவன்தான் அனுப்பினான், எனக்குத் தெரியாது" என்பார். நான் பார்க்காத யூனிட் ஹெட்டா. அனுப்பாதே செல்வா. மெயில் போட்டு யூனிட் ஹெட்டை நகலில் வை, அவர் மேலே அனுப்பட்டும்.

---

பழைய செயலர் · 10:15

சென்னையில் ஒரு பெரிய குழுமத்தில் எம்.டி.க்குத் தனிச் செயலராகப் பல வருடம் இருந்தவள் நான், இப்போது ஓய்வில் தர்மபுரியில். அந்தப் பக்கத்திலிருந்து மெசேஜ் எப்படித் தெரியும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

செல்வா, உங்கள் நம்பர் அவர் போனில் பெரும்பாலும் சேமித்திருக்காது. பூட்டிய திரையில் வெறும் நம்பரும், அதன் கீழே ஓரிரண்டு வரியும்தான் தெரியும். உங்கள் மெசேஜில் அந்த ஓரிரண்டு வரியில் என்ன இருக்கிறது? "மதிப்பிற்குரிய ஐயா, காலை வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் பொன்னான..." இதைப் பார்த்தால் கல்யாணப் பத்திரிகையோ நன்கொடையோ என்றுதான் நினைப்பார். மீட்டிங் நடுவில் போனைத் திருப்பி வைத்துவிடுவார். திறந்தாலும் நீளமான மெசேஜை வாட்ஸ்அப் பாதியில் மடித்து "மேலும் படிக்க" என்று வைத்துவிடும். உங்கள் கேள்வி அந்த மடிப்புக்குக் கீழே இருக்கிறது.

நித்யா சொன்னதில் பாதி சரி. சுருக்கம் வேண்டும். ஆனால் வணக்கத்தை எடுக்கவேண்டியதில்லை, "வணக்கம் சார்" இரண்டே சொல், இடத்தை அடைக்காது. அதை மட்டும் தனியாக அனுப்பிவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பதுதான் தவறு. தினம் அப்படிப் பத்துப் பேர் செய்வார்கள். "வணக்கம் சார்" என்று வந்து நிற்கும், என்ன விஷயம் என்று இவர் கேட்கவேண்டும். பெரியவர் ஒருவரைக் கேட்க வைப்பது மரியாதை ஆகாது. வணக்கமும் விஷயமும் ஒரே மெசேஜில், ஒரே வரியில் வரட்டும்.

மாமாவின் மனுவில் ஒன்று மட்டும் நமக்கு உதவும்: "பொருள்". மனுவில் அது ஐயாவுக்கு அடுத்து, எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். உங்கள் முதல் வரியும் அப்படி இருக்கட்டும்.

உங்களிடம் ஒரு கேள்வி. எம்.டி.யிடம் உங்களுக்கு என்ன வேண்டும்? "ஆலோசனை" என்று எழுதியிருக்கிறீர்கள்.

---

காவேரிப்பட்டணம் செல்வா · 10:28

அனுமதி வேண்டும் அம்மா. ஆலோசனை என்று மரியாதைக்காகப் போட்டேன்.

---

பழைய செயலர் · 10:41

அதுதான் சிக்கல். ஆலோசனை கேட்டால் அவர் யோசிக்கவேண்டும். யோசிக்க நேரம் இருக்காது, "பார்க்கலாம்" என்று வரும், அல்லது பர்ச்சேஸ் ஆளிடம் தள்ளிவிடுவார். அனுமதி கேட்டால் "சரி" அல்லது "வேண்டாம்", ஒரே சொல்லில் முடியும். பெரிய பதவியில் இருப்பவர்கள் பெரும்பாலும் காரில், லிஃப்டில், ஒரு மீட்டிங்கிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கும்போதுதான் இதற்குப் பதில் போடுவார்கள், அதுவும் கட்டைவிரலால். அந்தக் கட்டைவிரல் தட்டும் ஒரு சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்கவேண்டும். கேள்வியை அப்படி அமைப்பது உங்கள் வேலை.

உங்கள் மெசேஜில் எண்ணே இல்லை, கவனித்தீர்களா? இங்கே எங்களுக்குச் சொன்னபோது 1,100, 300, 700, 150 எல்லாம் வந்தன. அவருக்கு எழுதும்போது "வரும் நாட்களில்", "சற்றுக் கூடுதல்" என்று மழுப்பலாகிவிட்டது. பயத்தில் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் எண்ணை எடுத்துவிட்டால் அவர் "எத்தனை? எப்போது? எவ்வளவு?" என்று மூன்று மெசேஜ் அனுப்பவேண்டும்.

டிரம் தீர்ந்தால் என்ன ஆகும் என்று சரியாகச் சொல்லுங்கள். லைன் நிற்கும், அவ்வளவுதானா?

---

காவேரிப்பட்டணம் செல்வா · 10:58

லைன் நிற்பதைவிடப் பெரிய தலைவலி சேம்பர். காயாக வரும் பெங்களூராவைப் பழுக்கவைக்க நான்கு, ஐந்து நாள் ஆகும். சனி, ஞாயிறில் அரைக்கவேண்டிய பழம் ஏற்கெனவே சேம்பருக்குள் போய்விட்டது. பழுத்தபின் ஒரு நாள் தாங்கும், அதற்கு மேல் அழுகல்தான். வண்டியை வேண்டுமானால் கேட்டில் நிறுத்தலாம், பழுப்பதை நிறுத்த முடியாது.

கணக்கு: இன்று, நாளை, வெள்ளி மூன்று நாளுக்கு 900. சனிக்கிழமை 200 மிச்சம், மாலைக்குள் தீரும். சனிக்கு 100, ஞாயிறு 300, திங்கள் 300, ஆக 700 குறைகிறது. பழக் கணக்கில் 280 டன். கூடுதல் செலவு 700 × 150 = 1,05,000 ரூபாய்.

---

மத்தூர் ரவி · 11:05

ஸ்டாக் ரெஜிஸ்டரை போட்டோ எடுத்து, எக்செல், கொட்டேஷன் எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். ஆதாரம் இருந்தால்தான் நம்புவார்கள். நீளமாக இருக்கிறது என்றால் வாய்ஸ் நோட் போடுங்கள், உங்கள் குரலில் அவசரம் புரியும்.

---

பழைய செயலர் · 11:20

ரவி, வாய்ஸ் நோட் வேண்டாம். மீட்டிங்கில் இருப்பவர் கேட்க முடியாது. எழுத்தை இரண்டு நொடி பார்த்தால் முடிந்தது, குரலைக் கேட்கக் காதில் ஏதாவது மாட்டவேண்டும். பிறகு "அந்த 700-ஆ 900-ஆ" என்று சரிபார்க்க மறுபடி முழுக்கக் கேட்கவேண்டும். அவர் உங்களுக்கு வாய்ஸ் நோட் போடலாம், நீங்கள் அவருக்குப் போடக்கூடாது. பதவி வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

ஆதாரங்களைத் தயாராக வையுங்கள், ஆனால் முதல் மெசேஜோடு அனுப்பாதீர்கள். நான்கு இணைப்பு வந்தால் "அப்புறம் பார்க்கலாம்" என்ற கணக்கில் சேர்ந்துவிடும். அவர் கேட்டால் பத்து நொடியில் போகவேண்டும், அதுவும் ஒன்றே ஒன்று, கொட்டேஷன்.

செல்வா, உங்கள் எம்.டி. இதைப் படித்ததும் முதலில் என்ன கேட்பார்? நீங்கள் லைனில் அவரோடு நின்றவர், உங்களுக்குத்தான் தெரியும்.

---

காவேரிப்பட்டணம் செல்வா · 11:34

குவாலிட்டி. ஏற்றுமதிச் சரக்கு, புது சப்ளையர் என்றாலே "பயர் ஒத்துக்கொள்வானா" என்பார். ஆனால் கூழ் டிரம்மைத் தொடாது. உள்ளே கிருமிநீக்கம் செய்த அசெப்டிக் பை, அதில்தான் 215 கிலோ கூழ். பை அதே பழைய கம்பெனியுடையது, இருப்பும் போதுமானது. மாறுவது வெளி டிரம் மட்டும். ஓசூர்க்காரரின் சாம்பிளைக் குவாலிட்டி பார்த்துவிட்டார்கள், அளவு, மூடி, உள்பக்கம் எல்லாம் சரி.

இரண்டாவதாக, "கேனிங் லைனில் போடலாமே" என்பார். 3.1 கிலோ டின் லைன் எங்களிடம் சின்னது, ஒரு நாளில் இதில் கால்வாசிகூட முடியாது. ஆர்டரும் டிரம்முக்குத்தான்.

---

பழைய செயலர் · 11:50

அருமை. முதல் கேள்வி கட்டாயம் வரும், அதனால் பதிலை மெசேஜிலேயே ஒரு வரியில் வையுங்கள். இரண்டாவது வரலாம், வராமலும் போகலாம், அதைக் கையில் வைத்திருங்கள். எல்லாக் கேள்விக்கும் முன்கூட்டியே பதில் சொல்லப் போனால் மறுபடி பழைய நீளத்துக்கே வந்துவிடுவோம்.

பழைய சப்ளையர் மீதான புகாரை எடுத்துவிடுங்கள். "பலமுறை தொடர்புகொண்டும் பதில் தரவில்லை" என்பது வேறு விவகாரம். அந்த சப்ளையர் எம்.டி.க்கு எத்தனை வருடப் பழக்கமோ, யாருக்குத் தெரியும்? லோடு செவ்வாய் காலை வருகிறது என்பது மட்டும் போதும்.

அப்புறம் பாலு கேட்டது நியாயமான கேள்வி. யூனிட் ஹெட்டுக்குத் தெரியுமா, அல்லது சம்மதமா?

---

காவேரிப்பட்டணம் செல்வா · 11:55

"நீயே அனுப்பு" என்றார். சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

---

பர்கூர் பாலு · 12:02

பார்த்தீர்களா. நான் சொன்னேன் இல்லையா.

---

பழைய செயலர் · 12:10

எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு யூனிட்டிலிருந்து நேராக மெசேஜ் வந்தால் எங்கள் எம்.டி. முதலில் என்னிடம் கேட்பது, "அங்கே இருப்பவருக்குத் தெரியுமா" என்பதுதான். தெரியாது என்றால் விஷயம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஓரமாகப் போய்விடும், ஏனென்றால் அவருக்கு அந்த யூனிட் ஹெட்டோடு நாளைக்கும் வேலை செய்யவேண்டும். நேராக வரச் சொன்னார் என்பதற்காக நடுவில் இருப்பவர் இல்லாமல் போய்விடமாட்டார்.

அதனால் மெசேஜை அனுப்புவதற்கு முன் யூனிட் ஹெட்டிடம் காட்டுங்கள். "சார், உங்களுக்கும் சம்மதம்னு ஒரு வரி சேர்த்திருக்கேன், போடலாமா?" என்று கேளுங்கள். சரி என்றால் அந்த வரி உங்களுக்குக் காப்பு. வேண்டாம் என்றால் இது அனுப்பவேண்டிய மெசேஜே இல்லை, முதலில் அங்கே பேசித் தீர்க்கவேண்டும்.

பாலு சொல்வதுபோல் மெயில் மட்டும் போட்டால் நாளை மதியத்துக்குள் யாரும் திறக்காமல் போக வாய்ப்பு அதிகம். எம்.டி.யே வாட்ஸ்அப் என்று சொல்லியிருக்கிறார், அவர் சொன்ன வழியில் போவதில் தவறில்லை.

---

மத்தூர் ரவி · 12:15

எம்.டி., யூனிட் ஹெட், நீங்கள் மூவரையும் வைத்து ஒரு குரூப் தொடங்கிவிட்டால்? எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தெரியுமே.

---

ஓசூர் நித்யா · 12:21

ஐயோ ரவி அண்ணா, முதலாளியைக் கேட்காமல் குரூப்பில் சேர்ப்பதா!

என் அனுபவம் ஒன்று சொல்கிறேன், டீம்ஸில் நடந்தது. ஒரு ஷிப்மெண்ட் விஷயமாக எங்கள் வைஸ் பிரசிடெண்டுக்கு "அர்ஜென்ட்" குறி போட்டு அனுப்பிவிட்டான் எங்கள் டீம் பையன். அந்தக் குறி போட்டால் அவர் படிக்கும்வரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, 20 நிமிடம் வரை மணி அடித்துக்கொண்டே இருக்கும். அவர் வாடிக்கையாளர் முன்னால் ஸ்கிரீனைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். திட்டவில்லை, ஆனால் அதன்பிறகு எங்கள் டீம் மெசேஜுக்கு மேனேஜர் வழியாகத்தான் பதில் வருகிறது.

---

பாலக்கோடு மாமா · 12:24

இப்போது அனுப்பாதே தம்பி. புதன்கிழமை, 12-லிருந்து ஒன்றரை வரை ராகு காலம்.

---

பர்கூர் பாலு · 12:26

மாமா சொல்வதில் விஷயம் இருக்கிறது. எங்கள் முதலாளி ராகு காலத்தில் செக்கில்கூடக் கையெழுத்துப் போடமாட்டார்.

---

பழைய செயலர் · 12:40

சாப்பாட்டு நேரமும் அதுதான், எப்படிப் பார்த்தாலும் ஒன்றரைக்குப் பிறகு நல்லது 🙂

செல்வா, சுருக்கி எழுதியதைப் போடுங்கள். ஒரு முன்னெச்சரிக்கை: கம்ப்யூட்டரில் தட்டினால் அடுத்த வரிக்குப் போக `Shift+Enter`. வெறும் `Enter` தட்டினால் பாதி மெசேஜ் போய்விடும். 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், ஆனால் "திருத்தப்பட்டது" என்று காட்டும். எல்லோருக்கும் அழித்தாலும் அழித்த தடம் நிற்கும், என்னத்தை அழித்தான் என்று யோசிக்க வைக்கும். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் சாட்டில் முதலில் எழுதிப் பாருங்கள். அங்கிருந்து நகலெடுத்து ஒட்டுங்கள்.

---

காவேரிப்பட்டணம் செல்வா · மதியம் 1:05

யூனிட் ஹெட்டிடம் காட்டினேன். படித்துவிட்டு, "குவாலிட்டி பார்த்தாச்சுன்னும் போடு" என்றார். சம்மத வரிக்குத் தலையாட்டினார். இது சரியா?

> வணக்கம் சார், கிருஷ்ணகிரி ஸ்டோர்ஸ் செல்வா. ஓசூர் சப்ளையரிடம் 700 டிரம் வாங்க உங்கள் அனுமதி வேண்டும், நாளை மதியம் 12-க்குள்.
>
> டிரம் இருப்பு சனி மாலை தீர்கிறது, அடுத்த லோடு செவ்வாய் காலை. இடையில் சேம்பரில் பழுக்கும் பழம் 280 டன்.
>
> கூடுதல் செலவு ரூ.1,05,000 (டிரம்முக்கு ரூ.150). அசெப்டிக் பை பழையதேதான், வெளி டிரம் மட்டும் மாறும். சாம்பிளைக் குவாலிட்டி பார்த்துவிட்டார்கள்.
>
> யூனிட் ஹெட்டுக்குச் சம்மதம். நீங்கள் சரி என்றால் இன்றே ஆர்டர் போடுகிறேன்.

---

ஓசூர் நித்யா · 1:12

சூப்பர் அண்ணா. கடைசியில் ஒன்று சேருங்கள்: "நாளை 12-க்குள் பதில் இல்லையென்றால் ஆர்டர் போட்டுவிடுகிறேன்." அப்போது அவர் பிசியாக இருந்தாலும் வேலை நிற்காது. எங்கள் ஆபீசில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்.

---

அரூர் கணக்கர் · 1:20

அம்மணி, அப்படிப் போட்டால் பில் என் மேஜைக்கு வரும்போது நான் என்ன செய்வது? ஒப்புதல் எங்கே என்று கேட்டால் "பதில் வரவில்லை, அதனால் ஒப்புதல்" என்பதா?

---

பழைய செயலர் · 1:31

கணக்கர் பக்கம்தான் நானும். "பதில் இல்லையென்றால் செய்துவிடுவேன்" என்பதை உங்கள் அதிகாரத்துக்குள் இருப்பதற்கு எழுதலாம். இங்கே அதிகாரம் அவருடையது. அவர் பேசாமல் இருப்பதை வைத்து அவர் கையெழுத்தை நீங்கள் போட முடியாது. வேண்டுமானால் மாற்றி எழுதலாம்: "அதுவரை புதுப் பழம் சேம்பருக்கு ஏற்றுவதைக் குறைத்து வைக்கிறேன்." அது யூனிட்டுக்குள் முடியும் காரியம், யூனிட் ஹெட் சொன்னால் செய்யலாம்.

---

ஓசூர் நித்யா · 1:36

அப்படியானால் 280 டன் அழுகினால் பரவாயில்லையா? பேசாமல் இருந்தது அவர் தப்புதானே. எனக்கு இது இன்னும் ஒத்துவரவில்லை.

---

பழைய செயலர் · 1:44

அழுகவிடச் சொல்லவில்லை. பதில் வராவிட்டால் வேறு வழிகள் உண்டு. நாளை காலை 9 மணிக்கு இன்னொரு மெசேஜ் அனுப்பலாம், ஆனால் "ஞாபகப்படுத்துகிறேன்" என்றோ இரண்டு கேள்விக்குறியோ வேண்டாம். புதுச் செய்தி ஒன்று இருக்கட்டும்: "சார், இன்று காலை டிரம் இருப்பு 800. ஓசூர் சப்ளையர் 12 மணி வரை காத்திருக்கிறார்." அதிலும் அவசரம் தெரியும், குத்தல் இருக்காது. 10 மணிக்கு அவருடைய செயலரைக் கூப்பிடுங்கள். அவர் எந்த மீட்டிங்கில் இருக்கிறார், எப்போது வெளியே வருவார் என்று அந்த மேஜைக்குத் தெரியும். சீட்டு எழுதி உள்ளே அனுப்பவும் முடியும், நான் அனுப்பியிருக்கிறேன். நீல டிக் வராததை வைத்து முடிவுக்கு வராதீர்கள், பெரியவர்கள் பலர் அதை அணைத்து வைத்திருப்பார்கள்.

உங்கள் மெசேஜில் ஒரே மாற்றம்: "நாளை மதியம் 12-க்குள்" என்பதற்கு ஒரு காரணம் வேண்டும். இல்லையென்றால் எம்.டி.க்கே நீங்கள் கெடு வைத்தது போல் தொனிக்கும். கடைசி வரியை இப்படி மாற்றுங்கள்: "நாளை 12-க்குள் ஆர்டர் போட்டால் வெள்ளி இரவு டிரம் வந்துவிடும்." கெடு சப்ளையருடையது ஆகிவிடும். முதல் வரியில் "அனுமதி வேண்டும்" என்பதோடு நிறுத்துங்கள்.

---

காவேரிப்பட்டணம் செல்வா · 1:58

மாற்றி அனுப்பிவிட்டேன். கை நடுங்கிவிட்டது.

---

காவேரிப்பட்டணம் செல்வா · மாலை 4:25

பதில் வந்துவிட்டது. முதலில் "பயருக்குத் தெரிவிக்க வேண்டியது இருக்கிறதா?" என்று கேட்டார். "பை மாறாததால் தேவையில்லை என்று குவாலிட்டி ஹெட் சொல்கிறார் சார்" என்று போட்டேன். அதற்கு ஒரு 👍 மட்டும் வந்திருக்கிறது. இது அனுமதியா, அல்லது "பதிலைப் பார்த்தேன்" என்பதா?

---

மத்தூர் ரவி · 4:31

இதில் என்ன சந்தேகம், ஓகேதான். ஆர்டர் போடுங்கள்.

---

அரூர் கணக்கர் · 4:40

கட்டைவிரல் குவாலிட்டி பதிலுக்கு வந்ததா, 700 டிரம்முக்கு வந்ததா? ஆடிட்டர் கேட்டால் நான் எதைக் காட்டுவது? எழுத்தில் "அப்ரூவ்ட்" என்று வாங்குங்கள்.

---

பழைய செயலர் · 4:52

"இது சம்மதம்தானா சார்?" என்று திரும்பக் கேட்காதீர்கள், அவருக்குச் சலிப்பு வரும். நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி மூடுங்கள்: "நன்றி சார். 700 டிரம், கூடுதல் ரூ.1,05,000, ஓசூர் சப்ளையருக்கு மாலை 6 மணிக்கு ஆர்டர் போடுகிறேன்." தவறென்றால் தடுக்க அவருக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. அப்படியே பர்ச்சேஸுக்கு மெயில், யூனிட் ஹெட்டும் எம்.டி.யின் செயலரும் நகலில், இந்த சாட்டின் ஸ்கிரீன்ஷாட்டோடு.

---

ஓசூர் நித்யா · 4:58

அம்மா, மன்னிக்கணும். "தடுக்காவிட்டால் போடுகிறேன்" என்பதும் நான் மதியம் சொன்னதும் ஒன்றுதானே?

---

பழைய செயலர் · 5:06

பக்கத்தில்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். மதியம் அவரிடமிருந்து எதுவும் வந்திருக்கவில்லை, இப்போது கேள்வி கேட்டு, பதில் வாங்கி, விரலும் காட்டிவிட்டார். எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

---

அரூர் கணக்கர் · 5:10

எனக்குப் போதாது. மெயிலுக்குச் செயலர் "எம்.டி. ஒப்புதல் தந்தார்" என்று பதில் போட்டால் பில்லைப் பாஸ் பண்ணுவேன். செல்வா, ஆர்டரைப் போடுங்கள், ஆனால் அந்த மெயில் வெள்ளி இரவு லாரி கேட்டுக்கு வருவதற்குள் கையில் இருக்கட்டும். சரக்கு இறங்கியபின் ஒப்புதல் தேடி அலைவது பெரும்பாடு.

---

காவேரிப்பட்டணம் செல்வா · 6:20

அம்மா சொன்ன வரியை அனுப்பினேன், மறுப்பு வரவில்லை, ஆர்டர் போட்டாயிற்று. மெயிலும் போய்விட்டது. செயலர் மேடம் நாளை காலை எம்.டி.யிடம் கேட்டுவிட்டுப் பதில் போடுவதாகச் சொன்னார். யூனிட் ஹெட், "அடுத்த தடவை நானே அனுப்புறேன்பா" என்கிறார். அது நல்லதா கெட்டதா தெரியவில்லை.

---

பர்கூர் பாலு · 6:24

நல்லதுதான். ஆனால் நம்பரை அழித்துவிடாதே.